பணம் வருவதற்கு ரகசிய எண் எதற்கு?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டத்திலேயே இதைப் பேசியிருக்க வேண்டும். நேரம் போதாமல் தள்ளிவைத்தோம். அந்த இடைவெளியில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி 31,500 ரூபாயை இழந்துவிட்டார். அவருடைய அனுமதியோடுதான் இங்கே சொல்கிறோம். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார். அது நமக்கும் தேவையில்லை.

கணவர் வளைகுடாவில் ஓட்டுநர் வேலை பார்க்கிறார். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஒரு நாள் இரவு, இஷா தொழுதுவிட்டு அமர்ந்திருந்தபோது அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அனுப்பியவர் அந்நியர் அல்லர், பெரியம்மா மகன். "மத்திய அரசின் இலவச மின்சாரத் திட்டம். வீட்டுக்கு 300 யூனிட் இலவசம், மானியம் நேராக வங்கிக் கணக்கில். இன்றே கடைசி நாள்" என்று எழுதி, கீழே ஒரு லிங்க். தம்பி அனுப்பியதாயிற்றே என்று அவர் தொட்டுவிட்டார். ஒரு செயலி இறங்கியது. கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்தார். பதிவுக் கட்டணம் ஒரே ஒரு ரூபாய் என்றது. வங்கிக் கணக்கு எண்ணையும் யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் நிரப்பினார். அன்றிரவே 9,500 ரூபாய் போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மைக் கூடுதலாக வருத்தியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. "என் தவறு, போனது போகட்டும், சபூர் செய்துகொள்வோம்" என்று இருந்துவிட்டார். கணவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார், மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்ற பயம். இரண்டு நாள் கழித்துக் கணவர் அனுப்பிய மாதப் பணம் 22,000 ரூபாய் கணக்கில் ஏறியது. ஒரு மணி நேரத்திற்குள் அதுவும் போய்விட்டது. அந்தச் செயலி கைப்பேசியிலேயே உட்கார்ந்திருந்ததுதான் காரணம். பணம் வந்தது என்று வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை அவர் படிக்கும் முன்பே திருடன் படித்துவிட்டான். அதன் பிறகுதான் அவர் நமது அலுவலகத்திற்கு வந்தார்.

ஆகவே இன்று ஒரே ஒரு மோசடியை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் நாம் நிறுத்த முடியும், நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

உண்மையான திட்டம் எது?

இந்த மோசடிக்காரர்கள் இல்லாத திட்டத்தைச் சொல்வதில்லை. இருக்கிற திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள்.

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. வீட்டின் கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவோருக்கு மானியம் தரும் திட்டம் அது. ஒரு கிலோவாட் அமைத்தால் 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. அரசு நமக்கு 300 யூனிட்டைச் சும்மா தருவதாக அதற்குப் பொருள் இல்லை. நம் கூரையில் நாமே உற்பத்தி செய்துகொள்கிறோம் என்பதுதான் பொருள்.

நெய்வேலியில் இருக்கும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு எவ்வளவு இயந்திரமும் உழைப்பும் வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தரும் ஊர் இது. லிங்கைத் தொட்டால் 300 யூனிட் வரும் என்று யாராவது சொன்னால், எங்கிருந்து வரும் என்ற கேள்வி முதலில் நம் ஊரில்தான் எழ வேண்டும்.

அந்தத் திட்டத்தில் சேருவதற்கு உள்ள படிகளைக் கவனியுங்கள். pmsuryaghar.gov.in என்ற அரசுத் தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துத் தகடு பொருத்த வேண்டும். மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆகும். அதை முதலில் நாம்தான் போடவோ கடனாக வாங்கவோ வேண்டும். பிறகு இருவழி மீட்டர் பொருத்துவார்கள், ஆய்வு செய்வார்கள். எல்லாம் முடிந்து மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகே மானியத்திற்காக வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் அந்தத் தளத்தில் கொடுப்போம். அதன்பின் மானியம் கணக்குக்கு வரும்.

இன்னொன்று, இதற்குச் சொந்தக் கூரை வேண்டும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவருக்குக் கூரை சொந்தமில்லை. இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வாடகைக்கு இருப்பவருக்கும் சொந்தமில்லை. ஆனால் செய்தி எல்லோருக்கும் வருகிறது. "எனக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று ஒரு நிமிடம் யோசித்தாலே பாதிப் பேர் தப்பிவிடலாம்.

போலியின் பாதை

2025ஆம் ஆண்டு ஜூலையில், கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபி இந்தத் திட்டத்தின் பெயரில் இந்தியாவில் பரவிய ஒரு போலிச் செயலியைப் பிரித்துப் பார்த்து விவரங்களை வெளியிட்டது. அதைப் படித்தபோது நம் சகோதரி சொன்னது அப்படியே அங்கே எழுதியிருப்பதைப் போல இருந்தது.

தொடக்கம் ஒரு யூடியூப் வீடியோ. இலவச மின்சாரம் பெறுவது எப்படி என்று விளக்கிவிட்டு, கீழே ஒரு குறுகிய லிங்கைத் தருவார்கள். அதைத் தொட்டால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு பக்கம் திறக்கும். அதில் பிளே ஸ்டோரின் சின்னம் இருக்கும். நாம் பிளே ஸ்டோருக்குப் போகிறோம் என்று நினைத்துத் தொடுவோம். ஆனால் அது வெறும் படம்தான். தொட்டவுடன் .apk என்று முடியும் ஒரு கோப்பு நேராக நம் கைப்பேசிக்குள் இறங்கும். பிளே ஸ்டோர் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்தக் கோப்பைத் திறக்கும்போது கைப்பேசியே நம்மை ஒருமுறை தடுக்கும். Install unknown apps என்று ஒரு அனுமதி கேட்கும். வீட்டு வாசலில் நின்று "இவர் யார் என்று எனக்குத் தெரியாது, உள்ளே விடவா?" என்று காவலாளி கேட்பதைப் போன்றது அது. நாம் ஆம் என்கிறோம். பொருத்தும்போது இணைய இணைப்பை நிறுத்தி வைக்கச் சொல்கிறது அந்தச் செயலி. கூகுளின் பாதுகாப்புச் சோதனை இணையம் வழியாக நடப்பது. அதிலிருந்து தப்பிக்கவே இந்த ஏற்பாடு என்று கருதுகிறார்கள். பிறகு "பாதுகாப்புப் புதுப்பிப்பு" என்ற பெயரில் உள்ளே மறைத்து வைத்திருந்த உண்மையான திருட்டுச் செயலியைப் பொருத்துகிறது.

அடுத்து மூன்று அனுமதிகள் கேட்கும். தொடர்பு எண்களைப் பார்க்க, அழைப்புச் செய்ய, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும். இதில் குறுஞ்செய்தி அனுமதிதான் சாவிக்கொத்து. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எல்லாம் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அதைப் படிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால், "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கைக்கு வேலையே இல்லை. நாம் சொல்ல வேண்டியதில்லை, அவனே எடுத்துக்கொள்வான்.

கடைசியாக விண்ணப்பப் படிவம். மின்வாரியத்தைத் தேர்ந்தெடுங்கள், கைப்பேசி எண்ணைக் கொடுங்கள், பதிவுக்கு ஒரு ரூபாய் செலுத்துங்கள் என்று வரிசையாக வரும். ஒரு ரூபாய்தானே என்று நினைப்போம். அவனுக்கு அந்த ஒரு ரூபாய் வேண்டாம். அதைச் செலுத்தும் சாக்கில் நாம் தட்டும் யு.பி.ஐ. ரகசிய எண்தான் வேண்டும். அது வங்கியின் திரை இல்லை, அவன் வரைந்த திரை. நாம் தட்டிய எண் நேராக அவனிடம் போகிறது.

"ரகசிய எண் தெரிந்தாலும் என் கைப்பேசி என்னிடம்தானே இருக்கிறது, எப்படி எடுப்பான்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. யு.பி.ஐ.யைப் புதிய கைப்பேசியில் தொடங்கும்போது, நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அதை வைத்துத்தான் இந்த எண் இவருடையது என்று வங்கி நம்புகிறது. குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதியை நாம் கொடுத்திருந்தால், அந்தச் செய்தியை நம் சிம்மிலிருந்தே அவன் அனுப்பிவிட முடியும். வேறு சில போலிப் படிவங்கள் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கத்தையும், கார்டு முடியும் மாதம், வருடத்தையும் கேட்கின்றன. அது ஏன் தெரியுமா? அந்த இரண்டும் ஒரு ஓ.டி.பி.யும் இருந்தால் யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் புதிதாகவே அமைத்துவிடலாம். கேட்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூட்டு இருக்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகு அந்தச் செயலி நம் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு அதே செய்தியை அனுப்புகிறது. சகோதரியின் பெரியம்மா மகன் எதையும் அனுப்பவில்லை. அவருடைய கைப்பேசி அனுப்பியது. அவரும் ஏமாந்தவர்தான். ஆகவே "தெரிந்தவர் அனுப்பினார்" என்பது இனி ஒரு சான்று ஆகாது. செய்தி வந்தால் அவரை அழைத்து, "நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று வாயால் கேளுங்கள். அந்த ஓர் அழைப்பு இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றும். உங்கள் பணமும் தப்பும், தன் கைப்பேசி திருடன் கையில் இருப்பதும் அவருக்குத் தெரியவரும்.

திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் திட்டத்தின் பெயரிலும் இதே போல ஏ.பி.கே. கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2024இல் தமிழ்நாடு சைபர் கிரைம் காவல்துறை அதைப் பற்றி எச்சரித்தது. நாளைக்குக் கல்வி உதவித்தொகை என்று வரும், எரிவாயு மானியம் என்று வரும், தையல் இயந்திரம் என்று வரும். பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. உள்ளே இருக்கும் வழியைப் புரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

ஒரு ரூபாய் எந்தத் திசையில் போகிறது?

"அரசு ஒருபோதும் வங்கி விவரம் கேட்காது" என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. சூரிய மின்சாரத் திட்டத்திலேயே கணக்கு எண் கேட்கிறார்கள் என்று இப்போது சொன்னோம். கல்வி உதவித்தொகைக்கும் கேட்கிறார்கள். அந்த அறிவுரையை நம்பியவர், உண்மையான விண்ணப்பத்தில் கணக்கு எண் கேட்பதைப் பார்த்ததும் "அரசும் கேட்கத்தான் செய்கிறது" என்று நினைத்து, அடுத்த முறை போலியிலும் கொடுத்துவிடுகிறார்.

சரியான கோடு வேறு இடத்தில் இருக்கிறது. பணம் உங்களிடம் வருவதற்கு, கணக்கு எண்ணும் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் போதும், அல்லது ஆதார் எண் போதும். பணம் உங்களை விட்டுப் போவதற்குத்தான் யு.பி.ஐ. ரகசிய எண், ஏ.டி.எம். ரகசிய எண், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம், பணப் பரிமாற்றத்துக்கான ஓ.டி.பி. ஆகியவை வேண்டும். தபால்காரர் கடிதம் போடுவதற்கு உங்கள் முகவரி போதும். பீரோ சாவியை அவர் கேட்டால் கடிதம் கொண்டுவந்தவர் இல்லை என்று பொருள். பணம் தருகிறேன் என்று சொல்லி, பணத்தை எடுப்பதற்கான எண்ணை எவன் கேட்டாலும் அவன் திருடன். இதற்கு விதிவிலக்கு இல்லை.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதற்கு ஓர் அனுபவச் சான்றே இருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். அதற்கு முன் முகாமில் விண்ணப்பம் கொடுத்தீர்கள். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அரசு முதலில் என்ன செய்தது? பலருடைய கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தது. நினைவிருக்கிறதா? சோதனைக்கான அந்த ஒரு ரூபாய் உங்களை நோக்கி வந்தது. திருடனின் ஒரு ரூபாய் உங்களிடமிருந்து போகிறது. அத்தனை மாதமும் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தபோது எந்த மாதமாவது ரகசிய எண் தட்டினீர்களா? இல்லையே. அந்தத் தொகை தொடங்கிய நாட்களிலேயே, ஓ.டி.பி. கேட்டு அழைப்பவர்களை நம்ப வேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது.

சிலரிடம் வேறு விதமாகப் பயமுறுத்துவார்கள். "உங்கள் ஆதார் வங்கியோடு இணைக்கப்படவில்லை, அடுத்த தவணை நின்றுவிடும், இங்கே தொட்டு இணைக்கவும்" என்பார்கள். ஆதார் வழியாக வரும் பணம், நீங்கள் கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குப் போகும். அது எந்த வங்கி என்று சந்தேகம் இருந்தால் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்கலாம், அல்லது myaadhaar.uidai.gov.in என்ற ஆதார் தளத்தில் நீங்களே பார்க்கலாம். செய்தியில் வந்த லிங்க் வழியாக அதைப் பார்க்க வேண்டிய தேவை எந்த நாளும் வராது.

முகவரியைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கில எழுத்தில் gov என்று எங்கேயோ இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. தளத்தின் பெயர் .gov.in என்று முடிய வேண்டும். அதாவது அதற்கடுத்து ஒன்றும் இருக்கக்கூடாது, அல்லது ஒரு சாய்கோடு இருக்க வேண்டும். pmsuryaghar.gov.in என்று தொடங்கிவிட்டு, சாய்கோடு வரும் முன்பே புள்ளி வைத்து இன்னொரு பெயர் தொடர்ந்தால், அந்தக் கடைசிப் பெயர்க்காரன்தான் வீட்டு உரிமையாளர். முன்னால் உள்ளதெல்லாம் அவன் வாசலில் மாட்டிய பலகை. gov என்பதற்கு முன்னால் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. இதைப் படிக்கத் தெரியவில்லை என்றாலும் கவலை வேண்டாம். செய்தியில் வந்த லிங்கைத் தொடவே தொடாதீர்கள். மின்சாரம் என்றால் மின்வாரிய அலுவலகம், உரிமைத் தொகை என்றால் தாசில்தார் அலுவலகம், வங்கி என்றால் கிளை. நமக்கு அவை எதுவும் தொலைவில் இல்லை.

நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம்

சகோதரியின் 9,500 ரூபாய் போன அந்த இரவில் செய்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். வரிசையும் முக்கியம்.

முதலில் அந்தக் கைப்பேசியின் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். முடிந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். திருடனுக்கும் உங்கள் குறுஞ்செய்திகளுக்கும் இடையே உள்ள தொடர்பு அதோடு அறும். இதற்குச் சில நொடிகள் போதும்.

இரண்டாவது, வீட்டில் உள்ள வேறு கைப்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணை அழையுங்கள. சைபர் நிதி மோசடிக்கென நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் உள்ள பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். யு.பி.ஐ. என்றால் அந்தப் பரிமாற்ற எண் 12 இலக்கம். அவர்கள் தரும் ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, cybercrime.gov.in என்ற தளத்தில் புகாரை முழுமைப்படுத்த வேண்டும். நேரில் போவதானால் கடலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் கடலூர் போய்ச் சேரும் வரை காத்திருக்காதீர்கள். முதலில் அழைப்பு, பிறகுதான் பயணம்.

அவசரம் ஏன் என்றால், நம் பணம் நேராகத் திருடன் கைக்குப் போவதில்லை. முதலில் யாரோ ஒருவருடைய கணக்குக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு கணக்கு, பிறகு இன்னொன்று, கடைசியில் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வரும். 1930இல் சொன்னவுடன், பணம் போன வங்கிக்குத் தகவல் போகிறது. அது இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் பின்னாலேயே போகும். நோட்டாக வெளியே வந்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. நிறுத்திய பணமும் மறுநாளே வந்துவிடாது. நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கலாம். ஆனாலும் நிறுத்தினால்தான் திரும்பி வரும் வாய்ப்பே உண்டு.

மூன்றாவது, வங்கியின் அவசர எண்ணை அழைத்து, யு.பி.ஐ.யையும் டெபிட் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த எண் உங்கள் ஏ.டி.எம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும். கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அங்கேயும் போலி எண்கள் இருக்கின்றன. வங்கியிடம் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள்.

இந்தக் குறிப்பு ஏன் தேவை என்பதற்கு ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் வேறு எங்கோ நடந்த குறையால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் முழுத் தொகையும் வங்கியின் பொறுப்பு என்றது அது. ஆனால் ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் நம் பொறுப்பு. சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. இந்த இடத்தைக் கவனியுங்கள். சகோதரி முதல் நாள் இரவே வங்கிக்குச் சொல்லியிருந்தால், அந்த 22,000 ரூபாய் போயிருக்காது. அப்படியே போயிருந்தாலும் வங்கியிடம் உரிமையோடு கேட்டிருக்கலாம். அவர் ரகசிய எண்ணைத் தட்டியதால் போனது 9,500. வெட்கத்தில் வாய்மூடி இருந்ததால் போனது 22,000.

நான்காவது, கைப்பேசியைச் சுத்தம் செய்யுங்கள். அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, அன்று இறங்கியதை நீக்குங்கள். இந்த மோசடியில் இரண்டு செயலிகள் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். குறுஞ்செய்தி அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பார்த்து, தெரியாததற்கு நிறுத்துங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால், புகைப்படங்களையும் வங்கிக் குறுஞ்செய்திகளையும் நகலெடுத்துக்கொண்டு கைப்பேசியையே ஆரம்ப நிலைக்கு அழித்துவிடுவதே பாதுகாப்பு. அதற்கு முன் திருட்டுச் செய்தியையும் லிங்கையும் வேறு கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், காவல்துறை கேட்கும். இது முடியும் வரை அந்தக் கைப்பேசியில் புதிய ரகசிய எண் அமைக்காதீர்கள். அமைத்தால் அதுவும் அவனுக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து பணம் வரவேண்டியிருந்தால், அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, உங்கள் எண்ணிலிருந்து செய்தி போயிருக்கும் என்பதை உறவினர்களுக்கும் குழுக்களுக்கும் சொல்லுங்கள். "என் கைப்பேசி ஏமாற்றப்பட்டுவிட்டது, என்னிடமிருந்து வந்த லிங்கைத் தொடாதீர்கள்" என்ற ஒரு வரி போதும். நம் தொடர்புப் பட்டியல் என்பது பிறர் நம்மிடம் நம்பித் தந்த எண்கள். அதுவும் ஓர் அமானிதம்தான்.

வீட்டில் பேச வேண்டியது

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாய்மார்களிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால், அடுத்த முறை அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள். திருடனுக்குத் தேவையான அவகாசத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின் கைப்பேசியை வாங்கி, குறுஞ்செய்தி அனுமதியையும் Install unknown apps அனுமதியையும் அவர்கள் முன்னாலேயே காட்டிச் சரிபாருங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒன்று. மகனின் கட்டணமும் வீட்டுச் சேமிப்பும் ஒரே கணக்கில் இருந்து, அதே கணக்கில் யு.பி.ஐ.யும் இருந்தால், ஒரு தவறில் எல்லாம் போகும். அன்றாடச் செலவுக்கு மட்டும் சிறு தொகை உள்ள ஒரு கணக்கில் யு.பி.ஐ. வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கில் அது வேண்டாம்.

அந்தச் சகோதரியின் பணம் இன்னும் திரும்பவில்லை. புகார் பதிவாகியிருக்கிறது. முதல் தொகை ஏற்கனவே ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதில் ஒரு பகுதி ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மகனின் இந்தப் பருவக் கட்டணத்தை நம் அறக்கட்டளையின் கல்வி நிதியிலிருந்து கட்டிவிட்டோம். அவர் அதைக் கடனாகத்தான் ஏற்றுக்கொண்டார். கணவரிடம் அவரே சொல்லிவிட்டார். அவர் கோபப்படவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாராம்.

இனி இப்படி யாருக்கு நேர்ந்தாலும், இரவு எந்நேரமானாலும், முதலில் 1930ஐ அழையுங்கள். அழைக்கத் தெரியவில்லை, பேசத் தயக்கம் என்றால் நமது அலுவலகப் பொறுப்பாளரை அழையுங்கள். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், சகோதரிகளுக்குச் சகோதரி ஒருவர் உதவுவார். யாருடைய செய்தியும் வெளியே போகாது. நாங்களும் உங்களிடம் கணக்கு எண்ணையும் பரிமாற்ற எண்ணையும் மட்டுமே கேட்போம். அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி ரகசிய எண் யாராவது கேட்டால், அவருக்கும் கொடுக்காதீர்கள்.